நழுவாத போல்ட் இணைப்பு: இறுக்கம் தரும் தடையும் இழுப்பு அதில் குறைப்பதும்

எஃகுக் கட்டுமானத்தில் இரண்டு தகடுகளைப் போல்ட் போட்டு இணைத்தால், விசை ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போல்ட்டின் தண்டு வழியாகத்தான் போகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். சாதாரண போல்ட்டுக்கு அது சரி. ஆனால் உயர்வலுப் போல்ட்டைக் கணக்கிட்டு முறுக்கி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவவே கூடாது என்ற நிபந்தனையோடு வடிவமைக்கும் இணைப்பில் அது தவறு. அங்கே போல்ட்டின் தண்டு துளையின் சுவரைத் தொடுவதுகூட இல்லை. விசையைக் கடத்துவது தகடுகளுக்கு இடையிலான உராய்வு. அந்த உராய்வை உண்டாக்குவது மட்டுமே போல்ட்டின் வேலை.

இந்த ஒரு வேறுபாடு பிடிபடாததால் இரண்டு தவறான கருத்துகள் பரவலாக நிலவுகின்றன. உராய்வுப் பிடிப்பு இணைப்பு எப்போதும் சாதாரண இணைப்பைவிட வலிமையானது என்பது ஒன்று. போல்ட் ஏற்கெனவே இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து இன்னொரு இழுப்பு வந்தால் அது நேரே அந்த இழுப்போடு கூடி போல்ட்டை அறுத்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்தில் உள்ள பிழையைப் புரிந்துகொண்டால், இழுப்பு வரும்போது நழுவல் தடை ஏன் குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்பது தானாகவே விளங்கும். இக்கட்டுரை அந்த இடத்தை நோக்கித்தான் போகிறது.

## அழுத்திப் பிடித்தால் தாங்கும்

செங்கல் சுமப்பவர்கள் ஏழெட்டுக் கற்களை வரிசையாக வைத்து, இரு முனைகளிலும் உள்ளங்கைகளை வைத்து நெருக்கி, அப்படியே தூக்குவதைப் பார்த்திருப்போம். நடுவில் இருக்கும் கல்லுக்கு அடியில் எந்தத் தாங்கலும் இல்லை. பக்கத்துக் கற்கள் அதை நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தால் எழும் உராய்வு அதன் எடையைத் தாங்குகிறது. கைகள் எவ்வளவு வலுவாக நெருக்குகின்றனவோ, கல்லின் முகம் எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறதோ, அவ்வளவு எடை தாங்கும். கைகள் சற்றுத் தளர்ந்தால் போதும், நடுக்கல் கீழே இறங்கிவிடும்.

போல்ட் இணைப்பில் அந்தக் கைகளின் இடத்தில் இருப்பவை போல்ட்டின் தலையும் நட்டும். நட்டை முறுக்கும்போது அது தகட்டில் முட்டி நிற்கிறது. மேலும் முறுக்கினால் நட்டு முன்னேற முடியாமல் போல்ட்டின் தண்டை இழுத்து நீட்டுகிறது. நீண்ட தண்டு சுருங்கப் பார்ப்பதால் தலையும் நட்டும் தகடுகளை நெருக்குகின்றன. இவ்வாறு வெளிச்சுமை எதுவும் வருவதற்கு முன்பே போல்ட்டில் ஏற்றிவைக்கும் இழுவிசைக்கு முன்இழுவிசை என்று பெயர். தகடுகள் ஒன்றையொன்று நெருக்கும் விசையை இறுக்குவிசை என்போம். வெளிச்சுமை இல்லாத நிலையில் இரண்டும் சம அளவானவை. ஆனால் அவை இரண்டும் ஒன்றல்ல என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

20 மி.மீ. விட்டமுள்ள எம்20 போல்ட்டுக்கு வழக்கமாக 22 மி.மீ. துளை இடுவார்கள். அந்த 2 மி.மீ. இடைவெளி இருக்கும்வரை தகடு நகர இடமுண்டு. உராய்வைச் சுமை வென்றுவிட்டால் தகடு சட்டென்று நகர்ந்து, போல்ட்டின் தண்டில் முட்டி நிற்கும். அந்த நகர்வுதான் நழுவல். நழுவியதும் கட்டடம் விழுந்துவிடாது. அதன்பின் தண்டு சாதாரண போல்ட்டைப் போல வெட்டுவிசையைத் தாங்கத் தொடங்கும். ஆனால் சுமை முன்னும் பின்னும் மாறிமாறி வரும் பாலங்கள், அதிரும் இயந்திரத் தாங்கிகள், நீள்துளை இட்ட இணைப்புகள், பற்றவைப்பும் போல்ட்டும் சேர்ந்து சுமை தாங்கும் இடங்கள் ஆகியவற்றில் ஒரு மில்லிமீட்டர் நகர்வும் ஏற்கத்தக்கதல்ல. அப்படிப்பட்ட இடத்தில் நழுவாமையே வடிவமைப்பின் நிபந்தனை ஆகிறது. அமெரிக்காவில் 1951-இல் ரிவெட்டுக்குப் பதிலாக உயர்வலுப் போல்ட்டுகளைப் பயன்படுத்த முதல் விதிமுறை வெளிவந்ததிலிருந்து இவ்வகை இணைப்பு தனியாகவே வளர்ந்து வந்திருக்கிறது.

இதுவரை பார்த்தது: முறுக்கினால் போல்ட் நீள்கிறது, நீண்ட போல்ட் தகடுகளை நெருக்குகிறது, நெருக்கம் உராய்வைத் தருகிறது, உராய்வு நழுவலைத் தடுக்கிறது. பக்கவாட்டுச் சுமைக்கு இதில் போல்ட்டின் தண்டு எதிர்நிற்கவில்லை.

## நழுவல் தடையைக் கணக்கிடுதல்

நழுவல் தடை என்பது ஒரு போல்ட் தரும் இறுக்கத்தால், தகடுகள் நழுவத் தொடங்கும் முன் தாங்கக்கூடிய பக்கவாட்டு விசை. இந்தியத் தரநூலான ஐ.எஸ். 800:2007 அதை நான்கு உறுப்புகளின் பெருக்கலாகத் தருகிறது. வடிவமைப்புக்கு அதை ஒரு பாதுகாப்புக் கெழுவால் வகுக்க வேண்டும்.

```
Vnsf = μf × ne × Kh × Fo
Vdsf = Vnsf / γmf
```

இதில் Fo என்பது முன்இழுவிசை. போல்ட் பொருளின் உச்ச இழுவலிமையில் 70 விழுக்காட்டை, மரைப்பகுதியின் வலிமைப் பரப்பால் பெருக்கினால் அது கிடைக்கும். 8.8 தர எம்20 போல்ட்டின் உச்ச வலிமை 800 நியூட்டன்/சதுர மி.மீ.; மரைப்பகுதிப் பரப்பு 245 சதுர மி.மீ. ஆகவே

```
Fo = 0.70 × 800 × 245 = 137200 N = 137.2 kN
```

ஏறத்தாழப் பதினான்கு டன் எடைக்கு இணையான விசை, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு தண்டுக்குள் எப்போதும் குடியிருக்கிறது. இந்த அளவை எட்டாத போல்ட் உராய்வுப் பிடிப்புப் போல்ட் ஆகாது, தலையில் 8.8 என்று பொறித்திருப்பதால் மட்டும் அது ஆகிவிடாது.

μf என்பது உராய்வுக் கெழு, அதாவது இறுக்குவிசையில் எத்தனை பங்கு நழுவல் தடையாக மாறுகிறது என்பதைச் சொல்லும் எண். இந்த எண்ணில்தான் பெரும்பாலான இணைப்புகளின் விதி எழுதப்படுகிறது. தரநூலின் அட்டவணைப்படி, சிறு எஃகுமணிகளால் அடித்துத் தூய்மைப்படுத்திய முகத்துக்கு 0.50, ஆலையிலிருந்து வந்த செதிலோடு தூய்மையாக இருக்கும் முகத்துக்கு 0.33, எந்தப் பதப்படுத்தலும் செய்யாத முகத்துக்கு 0.20, செவ்வீயப் பூச்சு அடித்த முகத்துக்கும் சூட்டில் துத்தநாகம் தோய்த்த முகத்துக்கும் 0.10 மட்டுமே. வரைபடத்தில் 0.50 என்று எடுத்துக்கொண்டு வடிவமைத்த இணைப்பில், பட்டறையில் யாரோ ஒருவர் அக்கறையோடு தொடுமுகத்துக்கும் சேர்த்துச் செவ்வீயம் பூசிவிட்டால், தடை ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தொடுமுகம் என்பது இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் முகம். பூச்சு அடிப்பவர் துருவைத் தடுக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில்தான் அதைச் செய்கிறார். எனவே எந்த முகத்தை மறைத்துப் பூச வேண்டும் என்பது வரைபடத்திலேயே எழுதப்பட வேண்டும். பூச்சு கட்டாயம் தேவையென்றால், எத்தில் துத்தநாக சிலிகேட் போல 0.30 கெழு தரும் பூச்சைத் தேர்ந்து, அந்த எண்ணையே கணக்கிலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ne என்பது நழுவக்கூடிய தொடுமுகங்களின் எண்ணிக்கை. இரண்டு தகடுகள் மட்டும் என்றால் ஒன்று. ஒரு தகட்டை இருபுறமும் இரண்டு தகடுகள் கவ்விப் பிடித்தால் இரண்டு. Kh துளையின் வகையைப் பொறுத்தது. வழக்கமான துளைக்கு 1.0, பெரிதாக்கிய துளைக்கும் குறுநீள் துளைக்கும் 0.85, சுமையின் திசையிலேயே அமைந்த நெடுநீள் துளைக்கு 0.7. நீள்துளையில் நழுவினால் தகடு வெகுதூரம் ஓடும் என்பதால், அங்கே தரநூல் கூடுதல் எச்சரிக்கை காட்டுகிறது.

γmf பாதுகாப்புக் கெழு. அன்றாடப் பயன்பாட்டுச் சுமையில் மட்டும் நழுவாமல் இருந்தால் போதும் என்றால் 1.10; பெருக்கப்பட்ட உச்சச் சுமையிலும் நழுவக் கூடாது என்றால் 1.25. எந்த நிலைக்கு எந்தச் சுமையைப் பயன்படுத்துகிறோம் என்பதில் குழப்பம் கூடாது. 1.10-ஐ எடுத்தால் பயன்பாட்டுச் சுமையோடும், 1.25-ஐ எடுத்தால் உச்சச் சுமையோடும் ஒப்பிட வேண்டும்.

இனி எண்களை இடுவோம். அடித்துத் தூய்மைப்படுத்திய முகம், ஒரு தொடுமுகம், வழக்கமான துளை, உச்சச் சுமையிலும் நழுவக் கூடாது.

```
Vdsf = 0.50 × 1 × 1.0 × 137.2 / 1.25 = 54.9 kN
```

இதே போல்ட்டை உராய்வை நம்பாமல் சாதாரண வெட்டுப் போல்ட்டாக வடிவமைத்தால், வெட்டுத்தளம் மரைப்பகுதியில் விழும் நிலையிலும் அதன் வெட்டு வலிமை ஏறத்தாழ 90 கி.நியூ. ஆகும். உராய்வுப் பிடிப்பு இணைப்பு எப்போதும் வலிமையானது என்ற கருத்து இங்கேயே அடிபட்டுப் போகிறது. நழுவாமை வேண்டும் என்பதற்காக நாம் கொடுக்கும் விலை, கூடுதல் போல்ட்டுகள். தேவையில்லாத இடத்தில் அந்த விலையைக் கொடுப்பது வீண்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சமன்பாட்டில் தகட்டின் பரப்பு எங்கும் இல்லை. தகட்டை அகலமாக்கினால் உராய்வு கூடும் என்று எண்ணுவோர் உண்டு. இறுக்குவிசை அதேதான் என்றால், பரப்பு கூடினால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் கிடைக்கும் அழுத்தம் குறைகிறது. மொத்தத் தடை மாறுவதில்லை.

சுருக்கமாக, நழுவல் தடை என்பது முன்இழுவிசையை உராய்வுக் கெழுவாலும் முகங்களின் எண்ணிக்கையாலும் துளைக்கெழுவாலும் பெருக்கி, பாதுகாப்புக் கெழுவால் வகுப்பது. நம் எடுத்துக்காட்டில் ஒரு போல்ட்டுக்கு 54.9 கி.நியூ.

## வெளியிலிருந்து இழுப்பு வந்தால்

இப்போது அதே இணைப்பில், தகடுகளைப் பக்கவாட்டில் தள்ளும் விசையோடு, அவற்றைப் பிரித்து இழுக்கும் விசையும் சேர்ந்து வருகிறது என்று கொள்வோம். போல்ட்டின் நீளத்தின் திசையில் வரும் இந்த விசையை வெளி இழுப்பு என்று அழைப்போம். முன்இழுவிசை 137 கி.நியூ. இருக்கும் போல்ட்டில் 33.75 கி.நியூ. வெளி இழுப்பு வந்தால் போல்ட்டின் இழுவிசை ஏறத்தாழ 171 ஆகிவிடுமா?

ஆகாது. காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். முறுக்கிய போல்ட் நீண்டிருக்கிறது. நெருக்கப்பட்ட தகடுகள் மிகச் சிறிதளவு குறுகியிருக்கின்றன. வெளி இழுப்பு வரும்போது தகடுகள் தம் பழைய தடிமனை நோக்கிச் சற்று விரிகின்றன. அவை எவ்வளவு விரிகின்றனவோ, அவ்வளவுதான் போல்ட்டும் கூடுதலாக நீளும். ஆனால் போல்ட்டைச் சுற்றியுள்ள தகட்டுப் பகுதி போல்ட்டைவிடப் பல மடங்கு விறைப்பானது. அது ஒரு நூலிழை விரிந்தாலே தன் நெருக்கத்தில் பெரும் பங்கை இழந்துவிடும். அதே ஒரு நூலிழை நீட்சி, போல்ட்டின் இழுவிசையில் சிறிய உயர்வை மட்டுமே தரும்.

எந்த நிலையிலும் உண்மையாக இருக்கும் சமநிலை இதுதான்:

```
போல்ட்டின் இழுவிசை = இறுக்குவிசை + வெளி இழுப்பு
```

வெளி இழுப்பு சுழியாக இருந்தபோது இடப்புறமும் இறுக்குவிசையும் சமமாக இருந்தன. இப்போது அவை பிரிகின்றன. போல்ட்டின் விறைப்புக்கும் தகட்டின் விறைப்புக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு நான்கு என்று கொண்டால், 33.75 கி.நியூ. வெளி இழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6.75, போல்ட்டில் கூடுகிறது; எஞ்சிய 27 இறுக்குவிசையில் குறைகிறது. போல்ட்டில் 144, தகடுகளுக்கு இடையே 110. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெளி இழுப்புக்குச் சமம் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். போல்ட்டில் இழுவிசைமானி ஒன்றைப் பொருத்திப் பார்ப்பவர் ஏறத்தாழ எதுவும் நடக்கவில்லை என்றே நினைப்பார். ஆனால் தொடுமுகத்தில் ஐந்தில் ஒரு பங்கு நெருக்கம் காணாமல் போயிருக்கும். வெளி இழுப்பை நீக்கினால் அது திரும்பி வந்துவிடும், போல்ட் நிலையாக நீண்டுவிடாத வரையில்.

நழுவல் தடை இறுக்குவிசையை நம்பியிருப்பது. போல்ட்டின் இழுவிசையை நம்பியிருப்பது அன்று. எனவே சமன்பாட்டில் Fo இருந்த இடத்தில் எஞ்சிய இறுக்குவிசையை இட வேண்டும். ஐரோப்பிய எஃகுத் தரநூலான யூரோகோட் 3 இதை நேரடியாகவே செய்கிறது. வெளி இழுப்பில் 80 விழுக்காட்டை முன்இழுவிசையிலிருந்து கழிக்கச் சொல்கிறது. அமெரிக்கத் தரநூலான ஏ.ஐ.எஸ்.சி. 360 முழு வெளி இழுப்பையும் கழிக்கிறது; ஆனால் களத்தில் கிடைக்கும் சராசரி முன்இழுவிசை குறைந்தபட்ச அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதற்காக, கழிக்கப்படும் தளத்தை 1.13 மடங்காக எடுத்துக்கொள்கிறது.

```
யூரோகோட் 3 :  குறைப்புக் கெழு = 1 − 0.8 T / Fo
ஏ.ஐ.எஸ்.சி. :   குறைப்புக் கெழு = 1 − T / (1.13 Fo)
```

இங்கே T என்பது ஒரு போல்ட்டின் பங்குக்கு வரும் வெளி இழுப்பு. 0.8-இன் தலைகீழ் 1.25, அதனோடு 1.13-ஐ ஒப்பிட்டால், இரண்டு தரநூல்களும் வெவ்வேறு வழியில் வந்து ஏறத்தாழப் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கின்றன என்பது தெரியும். இரண்டும் நேர்கோட்டு விதிகள்: இழுப்பு இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும்.

இந்தப் பகுதியின் சாரம்: வெளி இழுப்பு போல்ட்டில் சிறிதே ஏறுகிறது, பெரும்பகுதி இறுக்குவிசையைத் தின்கிறது, நழுவல் தடை அதே விகிதத்தில் நேர்கோடாகக் குறைகிறது.

## ஒரு சாய்தாங்கியின் இணைப்பு

தூணின் பக்கத்தகட்டோடு ஒரு சாய்தாங்கியின் முனைத்தகடு எட்டு போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் மேலே சொன்ன 8.8 தர எம்20. தொடுமுகம் அடித்துத் தூய்மைப்படுத்தியது. தாங்கியில் உச்சச் சுமையாக 450 கி.நியூ. இழுப்பு வருகிறது. தாங்கி நிலைக்குத்தாக 4, கிடையாக 3 என்ற சரிவில் சாய்ந்திருக்கிறது. அதன் மையக்கோடு போல்ட்டுக் கூட்டத்தின் மையம் வழியாகவே செல்கிறது.

விசையைப் பிரித்தால் நிலைக்குத்துக் கூறு 360 கி.நியூ., கிடைக்கூறு 270 கி.நியூ. முதலாவது முனைத்தகட்டைத் தூணின் முகத்தில் நழுவச் செய்யப் பார்க்கிறது. இரண்டாவது அதைத் தூணிலிருந்து பிரிக்கப் பார்க்கிறது. ஒரு போல்ட்டுக்கு நழுவல் விசை 45, வெளி இழுப்பு 33.75.

இழுப்பை மறந்துவிட்டுப் பார்த்தால், 45 என்பது 54.9-க்குள் அடங்குகிறது, கணிசமான இருப்பும் தெரிகிறது. பலரும் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள். அதன்பின் போல்ட்டின் இழுவலிமை 33.75-ஐத் தாங்குமா என்று தனியாக ஒரு முறை பார்த்துவிட்டு, தாங்கும் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு விடைகளும் தனித்தனியே சரி. இணைப்பு மட்டும் தவறு.

யூரோகோட் காட்டும் வழியில் குறைத்துப் பார்ப்போம்.

```
குறைப்புக் கெழு = 1 − 0.8 × 33.75 / 137.2 = 0.803
எஞ்சிய தடை    = 0.803 × 54.9 = 44.1 kN  <  45 kN
```

சிறிய அளவில்தான், ஆனால் போதவில்லை. எட்டு போல்ட்டைப் பத்தாக்குவோம். அப்போது நழுவல் விசை 36, வெளி இழுப்பு 27 ஆகக் குறைகின்றன. குறைப்புக் கெழு 0.843, எஞ்சிய தடை 46.2 கி.நியூ. தேவையான 36-ஐவிட நன்றாகவே மேலே நிற்கிறது. போல்ட்டின் எண்ணிக்கையைக் கூட்டும்போது இரண்டு பக்கமும் ஆதாயம் கிடைப்பதைக் கவனியுங்கள்: ஒரு போல்ட்டின் சுமை குறைகிறது, அதே வேளையில் அதன் தடை உயர்கிறது.

ஐ.எஸ். 800 இந்தக் கட்டத்தில் வேறு பாதையில் போகிறது. அது கேட்பது ஒரு வட்டச் சமன்பாடு:

```
(Vsf / Vdf)² + (Tf / Tdf)² ≤ 1.0
```

Vsf ஒரு போல்ட்டுக்கு வரும் நழுவல் விசை, Vdf மேலே Vdsf என்று கணக்கிட்ட நழுவல் தடை, Tf ஒரு போல்ட்டுக்கு வரும் வெளி இழுப்பு, Tdf போல்ட்டின் வடிவமைப்பு இழுவலிமை. நம் போல்ட்டுக்கு 0.9 × 800 × 245 / 1.25, அதாவது 141.1 கி.நியூ. எட்டு போல்ட்டு ஏற்பாட்டின் எண்களை இதில் இட்டால், முதல் உறுப்பு 0.672, இரண்டாவது 0.057, கூட்டுத்தொகை 0.73. நேர்கோட்டு விதியில் தோற்ற இணைப்பு இங்கே எளிதாகத் தேறிவிடுகிறது. இந்த வேறுபாடு சிறியதன்று. முன்இழுவிசையில் சரிபாதி அளவுக்கு வெளி இழுப்பு வந்தால், யூரோகோட் 60 விழுக்காடு தடையை மட்டுமே அனுமதிக்கும். வட்டச் சமன்பாடு ஏறத்தாழ 87 விழுக்காடு மிஞ்சியிருப்பதாகச் சொல்லும்.

வட்டச் சமன்பாடு சாதாரண போல்ட்டுக்கு மிகவும் பொருத்தமானது. அங்கே ஒரே தண்டின் உலோகம் இழுப்பையும் வெட்டையும் சேர்த்துத் தாங்குகிறது. இரண்டும் சேரும்போது அது எப்படி முறியும் என்பதை அந்த வடிவம் நன்கு விவரிக்கிறது. ஆனால் நழுவும் முன் உராய்வு இணைப்பில் தண்டுக்கு வெட்டே வருவதில்லை. அங்கே நடப்பது நெருக்கம் தளர்வது மட்டுமே, தளர்வு நேர்கோடானது. ஆகவே இந்தியத் தரநூலின்படி வடிவமைப்பவர்கள் அதன் சமன்பாட்டை நிறைவு செய்வதோடு நிற்காமல், எஞ்சிய இறுக்குவிசையைக் கழித்துப் பார்க்கும் நேர்கோட்டுக் கணக்கையும் போட்டுப் பார்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஒரு வரிக் கணக்கு அது.

## இழுப்பு இருந்தும் குறைக்க வேண்டாத இடம்

குறைப்பைக் கற்றுக்கொண்டவர்கள் அதைத் தேவையில்லாத இடத்திலும் போட்டுவிடுவதுண்டு. உத்தரத்தின் முனைத்தகடு தூணோடு இணையும் இடத்தில் திருப்புவிசை வந்தால், மேல் போல்ட்டுகளில் இழுப்பு வருகிறது. மேல்பகுதியில் தகடுகளின் நெருக்கம் குறைகிறது, உண்மைதான். ஆனால் அதே திருப்புவிசை கீழ்ப்பகுதியில் முனைத்தகட்டைத் தூணோடு அதே அளவுக்குக் கூடுதலாக அழுத்துகிறது. மேலே இழந்த உராய்வு கீழே கிடைத்துவிடுவதால் மொத்த நழுவல் தடை மாறுவதில்லை. யூரோகோட் இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இணைப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், தகடுகளைப் பிரிக்கும் நிகர இழுப்பு இருக்கிறதா? சாய்தாங்கியில் இருந்தது, தூய திருப்புவிசையில் இல்லை.

நெம்பு விளைவும் இதே போன்றது. முனைத்தகடு மெல்லியதாக இருந்தால் அது வளைந்து, அதன் ஓரம் தூணில் ஊன்றி, போல்ட்டை நெம்பும். அந்த நெம்புவிசை போல்ட்டின் இழுவலிமைச் சரிபார்ப்பில் கட்டாயம் சேர வேண்டும். நழுவல் கணக்கில் சேர வேண்டியதில்லை. ஏனெனில் போல்ட்டில் கூடிய அதே அளவு விசை, தகட்டின் ஓரத்தில் அழுத்தமாக நின்று உராய்வுக்கு உதவுகிறது.

## முன்இழுவிசை உண்மையில் இருக்கிறதா

தாளில் எழுதிய 137.2 கி.நியூ. களத்தில் இருக்கும் போல்ட்டுக்குள் சென்று சேர்ந்ததா என்பதை நட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. முறுக்குமானிச் சாவியில் ஓர் எண்ணை வைத்து முறுக்குவது பரவலான வழக்கம். முறுக்குக்கும் இழுவிசைக்கும் உள்ள தொடர்பு மரையின் வழவழப்பைப் பொறுத்தது. எண்ணெய்ப்பசை உள்ள புதிய போல்ட்டில் தொடர்புக் கெழுவை 0.2 என்று கொண்டால், 137.2 கி.நியூ. எட்ட ஏறத்தாழ 550 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதே போல்ட் மழையில் கிடந்து துருப்பிடித்துக் கெழு 0.3 ஆகிவிட்டால், அதே 550-இல் கிடைப்பது 92 கி.நியூ. சாவி ‘கிளிக்’ என்று ஒலித்து வேலை முடிந்ததாகச் சொல்லிவிடும். நெருக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வந்திருக்காது.

அதனால்தான் நட்டைத் திருப்பும் அளவால் இறுக்கும் முறை நம்பத்தக்கதாக இருக்கிறது. முதலில் எல்லாப் போல்ட்டுகளையும் தகடுகள் நன்கு ஒட்டும் வரை சாதாரணமாக இறுக்க வேண்டும்; பிறகு நட்டிலும் போல்ட்டின் முனையிலும் ஒரே கோடாகச் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, போல்ட்டின் நீளத்துக்கு ஏற்பக் குறித்த அளவு திருப்ப வேண்டும். அமெரிக்க விதிப்படி, போல்ட்டின் நீளம் விட்டத்தின் நான்கு மடங்குக்குள் இருந்தால் மூன்றில் ஒரு சுற்று. நான்கிலிருந்து எட்டு மடங்கு வரை அரைச் சுற்று. நீட்சி நேரடியாக அளக்கப்படுவதால் மரையின் வழவழப்பு இதில் குறுக்கிடுவதில்லை. அடையாளக்கோடுகள் பிரிந்து நிற்கும் கோணத்தைப் பின்னர் வரும் ஆய்வாளர் கண்ணாலேயே சரிபார்க்கலாம். ஆனால் முதல் கட்டத்தில் தகடுகள் ஒட்டாமல் இடைவெளி இருந்தால், திருப்பிய சுற்று அந்த இடைவெளியை மூடுவதிலேயே செலவாகிவிடும். இறுக்கும் வரிசையும் முக்கியம்: கூட்டத்தின் விறைப்பான நடுப்பகுதியில் தொடங்கி ஓரங்களை நோக்கிப் போக வேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால், நடுவை இறுக்கும்போது முதலில் இறுக்கியவை தளர்ந்துவிடும்.

வெளி இழுப்பு உள்ள இணைப்பில் இந்தக் குறைபாடு ஏன் கூடுதல் தீங்கு செய்கிறது என்பதை அதே பத்துப் போல்ட்டுச் சாய்தாங்கியிலேயே பார்க்கலாம். முன்இழுவிசை மூன்றில் ஒரு பங்கு குறைந்து 92 ஆகிவிட்டதாகக் கொள்வோம். இழுப்பே இல்லாமலிருந்தால் தடையும் மூன்றில் ஒரு பங்கு குறைந்து 36.8 ஆகியிருக்கும், தேவையான 36-ஐ மயிரிழையில் தாண்டித் தப்பியிருக்கும். ஆனால் வெளி இழுப்பு எடுத்துக்கொள்ளும் அளவு முன்இழுவிசை குறைந்ததற்காகக் குறைவதில்லை. அது வழக்கம்போல 27-இல் 80 விழுக்காட்டை, அதாவது 21.6-ஐ, முழுதாகவே கழிக்கும்.

```
எஞ்சிய இறுக்குவிசை = 92 − 21.6 = 70.4 kN
எஞ்சிய தடை       = 0.50 × 70.4 / 1.25 = 28.2 kN  <  36 kN
```

முன்இழுவிசை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு, 46.2-ஆக இருந்த தடை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இழந்து 28.2-க்கு வந்துவிட்டது. ஆகவே தளத்தில் எல்லாப் போல்ட்டுகளையும் ஒரே அளவு கவனத்தோடு ஆய்வு செய்ய நேரமில்லை என்றால், சாய்தாங்கி முனைகள், தொங்கல் இணைப்புகள் போன்ற நிகர இழுப்பு உள்ள இடங்களின் அடையாளக்கோடுகளையே முதலில் பார்க்க வேண்டும்.